சக ஊழியருக்குக் காத்தலானில் பிறந்தநாள் வாழ்த்து எழுதலாமா, ஸ்பானிஷே போதுமா?

கடல்காற்று
பார்சிலோனாவில் வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஸ்பானிஷ் ஓரளவுக்கு ஓடும். காத்தலானில் பேருந்து அறிவிப்பும் கடைப் பலகையும் புரியும், அவ்வளவுதான். என் பக்கத்து மேஜைக்காரிக்கு வியாழக்கிழமை பிறந்தநாள். பெயரை மாற்றி நூரியா என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஊர் விக். மற்றவர்களோடு முழுக்கக் காத்தலானில் பேசுவாள், அம்மாவோடு போனிலும் அதுதான். நான் கிட்டே போனதும் பாதி வாக்கியத்தில் ஸ்பானிஷுக்குத் தாவிவிடுவாள். எனக்காகத்தான், தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஏதோ கதவைச் சாத்திய மாதிரி இருக்கும்.

எல்லாரும் கையெழுத்துப் போடுகிற அட்டை ஒன்று சுற்றி வருகிறது. என் இடத்தில் இரண்டு வரி காத்தலானில் எழுத ஆசை. ஸ்பானிஷில் யோசித்து, அகராதியைப் புரட்டி இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

```
¡Feliç compleanys, la Núria!
Espero que disfrutis el teu dia
i que compleixis molts més.
```

தப்பு இருந்தால் சொல்லுங்கள். இன்னொன்று, இது பவுசு காட்டுகிற மாதிரி தெரியுமா? ஸ்பானிஷிலேயே எழுதிவிட்டுப் போவது நல்லதா?

சதுரங்கம்
நான் இருப்பது மாட்ரிட், ஆனால் மாதத்தில் ஒரு வாரம் பார்சிலோனா அலுவலகத்தில்தான். என் அபிப்பிராயம், ஸ்பானிஷிலேயே எழுதுங்கள். அங்கே ஸ்பானிஷ் தெரியாதவர் யாருமே இல்லை. காத்தலானில் எழுதினால் அரசியல் சாயம் பூசிவிடுவார்கள். அதிலும் உங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்களாக இருப்பார்கள். மற்றபடி நீங்கள் எழுதியது சரியாகத்தான் இருக்கிறது. காத்தலான் என்பது ஸ்பானிஷில் கொஞ்சம் கடைசி எழுத்துகளை வெட்டியதுதானே. 'கும்ப்ளேஅன்யோஸ்' அங்கே 'கும்ப்ளேயாஞ்ஸ்'.

ஓடக்கரை
வெட்டியது இல்லை ஐயா, இரண்டும் லத்தீனிலிருந்து தனித்தனியாகக் கிளைத்தவை. அந்தக் 'கும்ப்ளேயாஞ்ஸ்' என்கிற சொல்லை விக் ஊர்க்காரி பார்த்தால் சிரிப்பாள். பிறந்தநாள் அங்கே 'அனிபர்சாரி'.

கடல்காற்று, நான் அந்த விக் பக்கத்தில்தான் பதினாறு வருஷமாக இருக்கிறேன். மாமியார் வீடே அங்கேதான். உங்கள் மூன்று வரியையும் ஸ்பானிஷ் மூளையோடு காத்தலான் சட்டை போட்டுக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்தத் தலைகீழ் ஆச்சரியக்குறி. வாக்கியம் தொடங்கும்போதே அதைப் போடுவது ஸ்பானிஷ் வழக்கம். காத்தலானில் முடிவில் ஒன்று போட்டால் போதும். அட்டையில் அந்தத் தலைகீழ்க் குறியைப் பார்த்தாலே இது ஸ்பானிஷிலிருந்து பெயர்த்தது என்று தெரிந்துவிடும்.

அடுத்து 'ல நூரியா'. இது நீங்கள் காதால் கேட்டுப் பிடித்தது, அதனாலேயே எனக்குப் பிடித்த தப்பு. அலுவலகத்தில் அவளைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் 'ல நூரியா வந்தாச்சா', 'ல நூரியாவிடம் கேள்' என்றுதான் சொல்வார்கள். ஆள்பெயருக்கு முன்னால் அந்த 'ல' ஒட்டுவது அந்த மொழிக்கு இயல்பு. ஆனால் நேருக்கு நேர் கூப்பிடும்போது அது விழுந்துவிடும். வாழ்த்து அவளைப் பார்த்துச் சொல்வது, அதனால் வெறும் நூரியாதான்.

மூன்றாவதுதான் முக்கியம். வயது ஆவதை ஸ்பானிஷில் 'பூர்த்தி செய்வது' என்பார்கள். காத்தலானில் 'கும்ப்ளி' என்ற அதே வினையும் புழக்கத்தில் இருக்கிறது, தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் வாயில் வருவது 'ஃபே ஆஞ்ஸ்', அதாவது வருஷங்களைச் 'செய்வது'. 'இன்றைக்கு அவள் நாற்பது செய்கிறாள்' என்பார்கள்.

கடைசியாக 'டிஸ்ஃப்ருதிஸ்', அதாவது 'அனுபவி'. பேச்சில் நிறையப் பேர் சொல்கிறார்கள், என் மனைவியே சொல்வாள், ஆனால் அது ஸ்பானிஷ் சரக்கு. அதற்குப் பதில் அகராதி சொல்கிற 'கௌடெஷ்' என்பதைப் போட்டால் அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடும். அந்த வரியே வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

நான் எழுதுவதாக இருந்தால்:

```
Per molts anys, Núria!
Que en facis molts més, i amb salut.
Gràcies per la paciència que tens amb mi.
Una abraçada,
```

முதல் வரி 'பல ஆண்டுகளுக்கு'. நம் பல்லாண்டு வாழ்த்துக்கு அச்சு அசல் இணை. இரண்டாவது 'இன்னும் நிறைய ஆண்டு காண், அதுவும் ஆரோக்கியத்தோடு'. மூன்றாவது 'என்னிடம் நீ காட்டுகிற பொறுமைக்கு நன்றி', கடைசியில் 'ஒரு அணைப்பு'.

கடல்காற்று
அண்ணா, ரொம்ப நன்றி. அந்த 'ல' விஷயம் எனக்குத் தலையில் குட்டிய மாதிரி இருக்கிறது. இரண்டு வருஷமாக அவளை நேரிலேயே 'ல நூரியா' என்று கூப்பிட்டிருப்பேனோ? ஒரு சந்தேகம்: இரண்டாவது வரியில் அந்தக் குட்டி 'en' எதற்கு? அதை எடுத்துவிட்டால் என்ன?

ஓடக்கரை
எடுத்தால் அர்த்தம் புரியும், ஆனால் ஒரு கால் குட்டையான நாற்காலி மாதிரி ஆடும். முதல் வரியில் ஆண்டுகள் என்று சொல்லியாயிற்று. இரண்டாம் வரியில் மறுபடி 'ஆண்டுகள்' என்று சொல்லாமல் 'அதில் இன்னும் நிறைய' என்கிறோம். அந்த 'அதில்'தான் 'en'. ஸ்பானிஷில் இதற்கு இணையே கிடையாது. அதனால் ஸ்பானிஷ் வழியாகக் காத்தலானுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் முதலில் நழுவிப்போவது இதுதான். பிரெஞ்சு தெரிந்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் அதைச் சரியாகப் போட்டால் நூரியா வேறெதையும் விட அதைத்தான் கவனிப்பாள், பந்தயம் கட்டுகிறேன்.

பனங்கூடல்
நான் வலென்சியாவில எட்டு வருசமா இருக்கிறன். இஞ்சையும் இதே வாழ்த்துத்தான், ஆனா மொழியைக் 'காத்தலான்' எண்டு சொன்னால் சில பேருக்கு முகம் சுருங்கும். வலென்சியன் எண்டுதான் சொல்லோணும், சட்டத்திலயும் அப்பிடித்தான் இருக்கு. உச்சரிப்பும் கொஞ்சம் வேற. இஞ்சை 'மோல்த்ஸ்' எண்டு த் சத்தம் நல்லாக் கேக்கும். மகளின்ர பள்ளிக்கூடத்தில பிள்ளையள் அட்டையில 'ஃபெலிஸ் அனிபர்சாரி' எண்டுதான் எழுதுவினம். அதைப் பிழை எண்டு ஓடக்கரை அண்ணை சொல்லுறாரோ?

ஓடக்கரை
பிழை இல்லை, தம்பி. அதுவும் நல்ல காத்தலான்தான், நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்கு என்னவோ அது கடையில் விற்கிற அட்டையில் அச்சடித்த வாசகம் மாதிரி படுகிறது, 'பர் மோல்ஸ் ஆஞ்ஸ்' வாயிலிருந்து வருகிற மாதிரி. மாமியார் தாக்கமாக இருக்கலாம். மயோர்க்கா பக்கம் போனால் அந்த 'பர்' கூட இல்லாமல் 'மோல்த்ஸ் தாஞ்ஸ்' என்பார்கள். உச்சரிப்பு நீங்கள் சொன்னது சரி. பார்சிலோனாவில் அந்த த் விழுந்துவிடும், ஸ் போய் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். சேர்த்துச் சொன்னால் 'பர் மோல்ஸாஞ்ஸ்'. அந்த ny நமக்குச் சுலபம், ஞானத்தில் வருகிற ஞ்தான்.

பனங்கூடல்
அது சரிதான் அண்ணை. ஆனா எங்கட பிள்ளையளுக்கு அது அச்சடிச்ச வாசகம் இல்லை, வாயில வாறதே அதுதான்.

மழைக்காலம்
நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. எனக்கும் காத்தலான் பற்றித்தான் கேள்வி. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இந்த மொழியில் ஏ2 சான்றிதழ் வேண்டுமா? எந்த இடத்தில் தேர்வு எழுதலாம்?

ஓடக்கரை
குடியுரிமைக்கு டெலே ஏ2 தேர்வும் அரசமைப்பு, சமூகம் பற்றிய சிசிஎஸ்இ தேர்வும். இரண்டுமே ஸ்பானிஷ். இங்கே பிறந்தநாள் அட்டை ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத் தனியாகக் கேளுங்கள்.

தெற்குவாசல்
நான் ஒரு அனுபவம் சொல்கிறேன். போன வருஷம் எங்கள் குழுவில் ஒருவருக்குப் பிறந்தநாள். பெயர் ஜோர்தி என்று வைத்துக்கொள்ளுங்கள், இதைவிடக் காத்தலான் பெயர் உண்டா? வாட்ஸாப் குழுவில் பெருமையாகத் தட்டினேன். போனில் ஸ்பானிஷ் விசைப்பலகை இருந்தது. அது 'per'ஐ 'pero' ஆக்கிவிட்டது. அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்:

```
Pero molts anys, Jordi!
```

'ஆனால் பல ஆண்டுகள், ஜோர்தி!' என்னவோ வயதாகிவிட்டது என்று நான் குத்திக்காட்டுகிற மாதிரி. குழுவே சிரித்தது. அது போகட்டும். அவர் எனக்குத் தனியாக ஸ்பானிஷில் நன்றி எழுதினார். பிறகுதான் தெரிந்தது, அவர் பெற்றோர் அந்தலூசியாவிலிருந்து கொர்னெல்லாவுக்கு வந்தவர்கள். வீட்டில் ஸ்பானிஷ்தான், நண்பர்களோடும் ஸ்பானிஷ்தான். காத்தலான் பள்ளியில் படித்தது. தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் அவருக்கு நெருக்கமான மொழி என்று நினைத்து நான் அவருடைய பள்ளிக்கூட மொழியில் வாழ்த்தியிருக்கிறேன். அதிலிருந்து எனக்குத் தயக்கம்தான்.

சதுரங்கம்
இதைத்தான் நான் சொன்னேன்! ஸ்பானிஷ் என்றால் யாருக்கும் இடிக்காது.

ஓடக்கரை
பாதி சரி. தெற்குவாசல் சொன்ன ஜோர்திக்கு ஸ்பானிஷ்தான் பொருத்தம், நானும் அப்படியே எழுதியிருப்பேன். பெயரை வைத்து மொழியைக் கணிப்பது அங்கே சரிவராது. கத்தலோனிய அரசின் 2023 கணக்கெடுப்பில், வழக்கமாகப் பேசுவது காத்தலான் என்று சொன்னவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான், 32.6 விழுக்காடு. ஸ்பானிஷ் என்றவர்கள் அதைவிட அதிகம். பார்சிலோனாவைச் சுற்றியுள்ள கொர்னெல்லா, லோஸ்பிதலெட் மாதிரி ஊர்களில், 1950களிலும் 60களிலும் தெற்கிலிருந்து வேலைக்கு வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஜோர்தி, மொன்செராட் என்று பெயர் இருப்பது சகஜம்.

ஆனால் கடல்காற்று பெயரைப் பார்த்துக் கேட்கவில்லையே. அவள் சொன்ன அடையாளங்கள் வேறு: அம்மாவோடு போனில் எந்த மொழி, மற்றவர்களோடு எந்த மொழி. நான் பார்ப்பதும் இதைத்தான். ஒருவர் யோசிக்காமல் பேசும்போது வருவது எது? மேஜை மூலையில் கால் இடித்துக்கொண்டால் திட்டுவது எந்த மொழியில்? அது காத்தலானாக இருந்தால் வாழ்த்தும் காத்தலானில் இருக்கட்டும். ஸ்பானிஷில் எழுதினால் யாரும் கோபப்பட மாட்டார்கள், அது உண்மை. இடிக்காது என்பதற்காக மட்டும் ஒரு வாழ்த்தைத் தேர்ந்தெடுக்கிறோமா என்ன?

நூரியா உங்களைக் கண்டதும் ஏன் மொழி மாற்றுகிறாள் என்பதையும் சொல்கிறேன். என் மாமியார் பள்ளிக்குப் போனது ஃபிராங்கோ காலம். வகுப்பில் எல்லாம் ஸ்பானிஷ், காத்தலான் வீட்டுக்குள் மட்டும். வெளியாள் வந்தால், கடைக்காரர் புதியவராக இருந்தால், ஸ்பானிஷுக்கு மாறுவதுதான் மரியாதை என்று அந்தத் தலைமுறை பழகியது. 1975இல் ஃபிராங்கோ இறந்த பிறகு மொழிக்கு உரிமை வந்தது, 1979 தன்னாட்சிச் சட்டத்தில் காத்தலானும் ஆட்சிமொழியாக இடம் பிடித்தது. பழக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் தெருவில் என் முகத்தைப் பார்த்ததும் ஸ்பானிஷ்தான் வரும். நான் காத்தலானில் பதில் சொன்னாலும் சிலர் ஸ்பானிஷிலேயே தொடர்வார்கள். இதில் கோபித்துக்கொள்ள எதுவும் இல்லை, மரியாதையாக நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் 'எனக்காக நீங்கள் மாற வேண்டியதில்லை' என்பதை நாமாகச் சொன்னால் தவிர அவர்கள் மாற மாட்டார்கள். அட்டையில் இரண்டு வரி அந்தச் சேதியைச் சத்தமில்லாமல் சொல்லிவிடும். இதில் அரசியல் எங்கே வந்தது?

சதுரங்கம்
உங்களுக்கு அரசியல் இல்லை. 2017இல் கத்தலோனியாவில் நடந்த தனிநாட்டு வாக்கெடுப்புக்குப் பிறகு மாட்ரிட் அலுவலகத்தில் உட்கார்ந்து பாருங்கள். குழு மின்னஞ்சலில் யாராவது காத்தலானில் ஒரு வரி போட்டால் இங்கே ஒரு முணுமுணுப்பு எழும். நான் இங்கிருந்து பார்ப்பதால் அப்படித் தெரிகிறதோ என்னவோ.

ஓடக்கரை
அதை மறுக்க மாட்டேன். மாட்ரிட் ஆட்கள் படிக்கிற மின்னஞ்சல் வேறு, ஒருத்திக்கு மட்டும் கையால் எழுதுகிற இரண்டு வரி வேறு. எனக்குப் புரியாத மொழியில் பத்துப் பேர் முன்னால் இருவர் மட்டும் குசுகுசுத்தால் எனக்கும் பிடிக்காது.

தெற்குவாசல்
சரி, கடல்காற்று எழுதட்டும். ஒரு எச்சரிக்கை மட்டும். எழுதியதைப் பார்த்ததும் அந்தப் பெண் படபடவென்று காத்தலானில் பேசத் தொடங்கினால் என்ன செய்வாய்? நான் அப்படி ஒரு தடவை 'ஸீ ஸீ' என்று தலையாட்டி, எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று தெரியாமல் சனிக்கிழமை மலையேறப் போக வேண்டியதாயிற்று.

பனங்கூடல்
:) அக்கா, 'col·lega' எண்டு ஒரு சொல்லும் போடுங்கோவன். சக ஊழியர் எண்டு அகராதியில இருக்கு. நடுவில ஒரு புள்ளி வரும், பாக்கவே வடிவாயிருக்கும்.

ஓடக்கரை
அந்தப் புள்ளி இரண்டு l-க்கு நடுவில் சற்று உயரத்தில் நிற்பது. ஸ்பானிஷ் விசைப்பலகையில் Shift-ஐப் பிடித்துக்கொண்டு 3 தட்டினால் வரும். கீழே சாதாரண முற்றுப்புள்ளி வைத்துவிடாதீர்கள். ஆனால் இங்கே அந்தச் சொல்லே வேண்டாம். மருத்துவர் இன்னொரு மருத்துவரைச் சொல்வதற்குப் பொருந்தும், இளசுகள் 'மச்சி' மாதிரியும் சொல்வார்கள். பக்கத்து மேஜைக்காரிக்கு 'கும்பாஞ தெ ஃபெயின', வேலைத் தோழி. அட்டையில் அதுவும் தேவையில்லை, பெயர் போதும்.

கடல்காற்று
(வியாழன் இரவு)
எழுதினேன், அண்ணா கொடுத்த அதே நான்கு வரி. கையால் எழுதியதால் போன் சதி செய்ய வழியில்லை. இங்கே பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்கு வாங்கித் தர வேண்டும், நம் ஊர் ட்ரீட் மாதிரி. பதினொரு மணிக்கு குரோசான் தட்டோடு வந்தாள். அட்டையைத் திறந்து வரிசையாகப் படித்தாள். என் இடத்துக்கு வந்ததும் நின்றாள். 'இதை நீயா எழுதினாய்?' என்று ஸ்பானிஷில் கேட்டாள். ஆமாம் என்றேன், திருத்தியது வேறொருவர் என்றும் சொல்லிவிட்டேன், மறைப்பானேன். விரலை அந்த 'en' மேல் வைத்து, 'இதை எங்கள் மேலாளரே விட்டுவிடுவார்' என்றாள். பந்தயம் உங்களுக்குத்தான், அண்ணா.

பிறகு நேரிலும் ஒரு தடவை 'பர் மோல்ஸாஞ்ஸ்' சொன்னேன். அவள் வழக்கமான நன்றிக்குப் பதிலாக வேறு ஏதோ சொன்னாள். 'இ க தூ உ பெஜிஸ்' என்கிற மாதிரி காதில் விழுந்தது. புரியாமல் சிரித்து வைத்தேன். அதன்பின் காபி இயந்திரம் வரை காத்தலானிலேயே பேசிக்கொண்டு வந்தாள். முதல் இரண்டு வாக்கியம் பிடிபட்டது, மூன்றாவதில் நான் மூழ்கிவிட்டேன். என் முகத்தைப் பார்த்து ஸ்பானிஷுக்கு மாறிவிட்டாள். எனக்கு வருத்தமா சந்தோஷமா தெரியவில்லை. அவள் சொன்னது என்ன?

ஓடக்கரை
அது அந்த வாழ்த்துக்கே உரிய பழைய பதில்.

```
I que tu ho vegis!
```

'அதை நீயும் இருந்து பார்ப்பாயாக.' நீ எனக்குப் பல ஆண்டு வாழ்த்துகிறாய், அந்த ஆண்டுகளை என்னோடு கூட இருந்து நீயும் காண் என்று. இளையவர்கள் வாயில் இது குறைந்துவருகிறது, என் மைத்துனன் வெறும் நன்றியோடு முடித்துக்கொள்வான். அவளுக்குத் தானாக வந்திருக்கிறது.

மூழ்கியதற்குக் கவலை வேண்டாம். அடுத்த தடவை அவள் மாறும்போது 'மெதுவாக, ஆனால் காத்தலானில்' என்று கேளுங்கள். இதற்கென்றே தன்னார்வலரோடு வாரம் ஒரு மணி நேரம், மொத்தம் பத்து மணி நேரம் பேசிப் பழகுகிற 'வொலுந்தாரியாட் பர் ல யெங்குவா' என்று ஒரு திட்டம் இருக்கிறது, இலவசம். எனக்கு அதில் வாய்த்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர், பத்து மணி நேரமும் காளான் பறிப்பதைப் பற்றியே பேசினார். காளான் பெயர் பதினைந்து தெரியும் எனக்கு, இன்னும் ஒன்றைக்கூடப் பறித்ததில்லை.

தெற்குவாசல்
நான் ஜோர்திக்கு இந்த வருஷம் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. போன தடவை 'ஆனால்' போட்டு வாழ்த்தியதால் இப்போது அது குழுவின் நகைச்சுவை ஆகிவிட்டது. ஸ்பானிஷில் எழுதினால் ஏமாந்துபோவாரோ என்று ஒரு பக்கம்.

கடல்காற்று
அதே 'ஆனால்' வரியை மறுபடி போட்டுவிடுங்கள் :) ஓடக்கரை அண்ணா, கடைசியாக ஒன்று. வருகிற 23ஆம் தேதி எங்கள் தளத்திலும் ஒரு ஜோர்திக்கு வாழ்த்தாம். பிறந்தநாள் இல்லை, சந்த் ஜோர்தி நாள், அவருடைய பெயர்நாள் என்கிறார்கள். அன்றைக்குத் தெருவெல்லாம் ரோஜாவும் புத்தகமுமாக இருக்குமே, அதே நாள். அதற்கும் இதே வாழ்த்தா?

ஓடக்கரை
அதே வாழ்த்துத்தான். 'ஃபலிசிதாத்ஸ்' என்றாலும் சரி. ஆனால் இரண்டாம் வரி வேண்டாம், அன்றைக்கு அவருக்கு வயது கூடுவதில்லை. அதற்கு முன்னால் அந்த ஜோர்தி வீட்டில் என்ன பேசுகிறார் என்று நூரியாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.